1977 கார்னெல் கச்சேரி: ஒரே இரவுக்கு ஏன் இத்தனை பதிவுகள்? சிலதை மட்டும் ஏன் இறக்க முடியவில்லை?

கோவை_கிட்டார்:
கிரேட்ஃபுல் டெட் குழுவை ஆறு மாதமாகத்தான் கேட்கிறேன். ஸ்டுடியோ ஆல்பங்கள் பெரிதாக ஒட்டவில்லை. யாரைக் கேட்டாலும் "அதை விடு, 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால் கச்சேரியைக் கேள்" என்கிறார்கள். சரி என்று archive.org-ல் தேடினால் அதே தேதிக்கு வரிசையாகப் பதிவுகள் வந்து நிற்கின்றன. சிலதில் `SBD`, சிலதில் `AUD`, சிலதில் `MTX` என்று போட்டிருக்கிறது. `AUD` என்றிருப்பதை இறக்க முடிகிறது. `SBD` என்றிருப்பதை அங்கேயே கேட்கத்தான் முடிகிறது, டவுன்லோட் இல்லை.

எதைக் கேட்பது? ஏன் இந்தப் பாரபட்சம்? திருட்டுப் பதிவு என்றால் இரண்டுமே திருட்டுதானே?

பழைய_டேப்:
முதல் கேள்விக்குச் சுருக்கமாக: முதல் தடவை கேட்க `SBD`. இரண்டாம் தடவை, ஹாலில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றும்போது நல்ல `AUD` ஒன்று.

`AUD` என்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போன ஒருவர் தன் மைக்கை நீட்டிப் பிடித்தது. கூரையில் மோதித் திரும்பும் ஒலி, பக்கத்து சீட்டுக்காரர் நண்பனோடு பேசுவது, பாட்டு ஆரம்பித்ததும் எழும் கூச்சல் எல்லாம் அதில் இருக்கும். `SBD` மேடை மைக்குகளின் சிக்னலைக் கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்தது. குரல் காதுக்குள் வந்து பாடும், ஆனால் கூட்டமே இல்லாத அறையில் வாசித்தது மாதிரி வறண்டும் இருக்கும். சின்ன ஹால் என்றால் இன்னொரு வேடிக்கை. கிட்டார் ஆம்ப் மேடையிலேயே முழங்குவதால் பலகை வழியாக அதைக் கொஞ்சம்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட `SBD`-யில் குரல் பெரிதாகவும் கிட்டார் எங்கோ தொலைவிலும் கேட்கும்.

`MTX` இரண்டையும் கலந்தது.

பாரபட்சம் பற்றிப் பிறகு வருகிறேன். அது பெரிய கதை.

மெட்டல்_மணி:
இதில் பெரிய கதை என்ன இருக்கிறது? டெட் குழு ஆரம்பத்திலிருந்தே "யார் வேண்டுமானாலும் பதிவு செய்யுங்கள்" என்று சொன்ன ஹிப்பிகள். ஆல்பம் விற்றா பிழைத்தார்கள்? டிக்கெட் விற்றுப் பிழைத்தார்கள். கேசட் பரவினால் டிக்கெட் கூடுதலாக விற்கும், அவ்வளவுதான். மற்ற குழுக்களுக்கு அந்தத் தைரியம் இல்லை.

லாவண்யா_ஆர்:
மணி சொல்வதில் பாதிதான் சரி. பிழைப்பு டிக்கெட்டில் என்பது உண்மை. 'ஆரம்பத்திலிருந்தே' என்பது தவறு. 1970களின் தொடக்கத்தில் மைக்கோடு வந்தவர்களைக் குழுவின் ஆட்கள் துரத்தியிருக்கிறார்கள், மைக் கம்பியை வெட்டியும் இருக்கிறார்கள். 1971 வாக்கில் நியூயார்க்கில் லெஸ் கிப்பெல் என்ற ரசிகர் இலவச டேப் பரிமாற்றச் சங்கம் தொடங்கினார், 1974-ல் அதன் தொடர்ச்சியாக ஒரு பத்திரிகையும் வந்தது. அது குழு கொடுத்த அனுமதியால் அல்ல.

பழைய_டேப்:
ஆமாம். அதிகாரபூர்வ அனுமதி 1984 அக்டோபர் 27-ல், பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில்தான் வந்தது. அதற்கும் தாராள மனசு மட்டும் காரணமில்லை.

அதற்குள் பதிவு செய்பவர்கள் கூட்டம் பெருகிவிட்டது. நல்ல ஒலி எங்கே கிடைக்கும்? ஒலிப் பொறியாளர் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால். எல்லோரும் அங்கேயே வந்து ஆளுயரத்துக்கு மேல் மைக் கம்பங்களை நட்டார்கள். பொறியாளர் டேன் ஹீலிக்கு மேடை தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் புகார் சொன்னார்கள், யாராவது ஆடினால் "மைக்கைத் தட்டாதே" என்று சண்டை வேறு. தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு, பதிவு செய்பவர்களுக்கென்று தனி டிக்கெட் போட்டுப் பலகைக்குப் பின்னால் ஓர் இடத்தை ஒதுக்கினார்கள். பதிவு செய்யலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

இதில் ஒரு வருத்தம் என்னவென்றால், பலகைக்குப் பின்னால் போனதும் ஒலி கொஞ்சம் மங்கியது. அதனால் 1984-க்குப் பிறகும் சிலர் மைக்கைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நழுவினார்கள். அந்தப் பதிவுகளில் `FOB` என்று குறித்திருப்பார்கள். அனுமதி இருந்த இடத்திலேயே ஒரு திருட்டு!

திருச்சி_ரசிகன்:
வணக்கம். எனக்கும் இதே பிரச்சினைதான். அப்பா 1980களில் சென்னை சபாக்களில் மடியில் மோனோ ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த கச்சேரி கேசட்டுகள் நாற்பதுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. ஒரு சபாவில் செயலாளர் வந்து கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாராம், இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவார். இப்போது நல்ல டெக் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாமே போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது. டேப் கெட்டுவிட்டதா?

கோவை_கிட்டார்:
சார், இது கார்னெல் இழை :)

பழைய_டேப்:
இருக்கட்டும் தம்பி, சம்பந்தம் உண்டு.

சார், டேப் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. பதிவு செய்த மெஷினின் ஹெட் நின்ற கோணமும் இப்போது ஓட்டும் மெஷினின் ஹெட் நிற்கும் கோணமும் ஒத்துப்போகவில்லை. ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன திருகாணி இருக்கும். காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால், கேசட் ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். ஆம்ப்பில் மோனோ பொத்தானை அழுத்திக்கொண்டு கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜால்ராவோ தம்புராவின் ரீங்காரமோ 'சட்'டென்று திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் மறுபடி செய்ய வேண்டும். முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர, தொடங்கும் முன்பே திருகாணியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

கேசட் மாற்றியவர்களின் பெரிய எதிரியும் இதுதான். ஒருவர் மெஷினில் கோணம் தப்பியிருந்தால் அவர் எடுத்துக் கொடுத்த பிரதியில் உச்ச ஸ்வரங்கள் போயே போய்விடும். அதற்கப்புறம் யார் எந்தத் திருகாணியைத் திருப்பினாலும் அவை திரும்பாது.

மெட்டல்_மணி:
பிரதிக்குப் பிரதி இரைச்சலும் கூடுமே. பத்தாவது பிரதியில் பத்து மடங்கு கெட்டிருக்குமா?

பழைய_டேப்:
இரைச்சலின் சக்தி கிட்டத்தட்ட அப்படித்தான் கூடும், காதுக்கு அவ்வளவு தெரியாது. மூலக் கேசட்டில் 'ஸ்ஸ்' ஒரு பங்கு என்றால், முதல் பிரதியில் இரண்டு பங்கு, மூன்றாவதில் நான்கு பங்கு. டெசிபலில் சொன்னால் முதல் பிரதிக்கு 3, மூன்றாவதுக்கு 6 கூடும். அதாவது பெரிய அடி முதல் இரண்டு மூன்று பிரதிகளிலேயே விழுந்துவிடுகிறது. பத்தாவது பிரதியைக் கெடுப்பது பெரும்பாலும் இரைச்சல் அல்ல; மேலே சொன்ன கோணம், வேகம், டால்பி பொத்தானை ஒருவர் போட்டு இன்னொருவர் போடாமல் விட்டது, இவைதான்.

வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டெக் அரை சதவீதம் வேகமாக ஓடினால் ஸ்ருதி ஓர் அரைச் ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 45 நிமிடப் பக்கத்தில் அது பதின்மூன்று வினாடிக்கு மேல் ஆகிவிடும். `AUD`-யும் `SBD`-யும் கலந்து `MTX` செய்பவருக்கு உயிர் போவது இதில்தான். தொடக்கத்தில் சரியாகப் பொருத்தியிருப்பார், மூன்றாம் பாட்டில் டிரம் இரட்டையாக அடிக்கும். கூடவே, மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி மைக் இருந்தால் ஒலி வந்து சேரவே கிட்டத்தட்ட 90 மில்லிவினாடி ஆகும், அதையும் நகர்த்த வேண்டும். ஏதாவது ஒரு `MTX` கேட்டுப் பாட்டு குகைக்குள் நடப்பது போலிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதனால்தான் 'மரம்' என்ற ஏற்பாடு வந்தது. நல்ல மூலம் வைத்திருப்பவர் ஐந்து பேருக்கு மட்டும் பிரதி எடுத்துக் கொடுப்பார். அந்த ஐவர் ஆளுக்கு ஐந்து, அவர்கள் ஆளுக்கு ஐந்து. மூன்று படியில் 155 பேருக்குப் போய்ச் சேரும், யாரிடமும் மூன்றாம் பிரதிக்குக் கீழே இருக்காது. வரிசையாக ஒருவர் மாற்றி ஒருவர் கொடுத்திருந்தால் கடைசி ஆளுக்கு 155-ஆவது பிரதி! டெட் கச்சேரி மூன்று மணி நேரத்துக்குக் கிட்டே போகும், இரண்டு தொண்ணூறு நிமிடக் கேசட். பிரதி எடுக்கவும் அதே மூன்று மணி நேரம். புதிதாக வந்தவரிடம் மாற்றிக்கொள்ள எதுவும் இருக்காது என்பதால், வெற்றுக் கேசட்டும் திரும்பி வர ஸ்டாம்பும் உறையில் போட்டு அனுப்பினால் போதும். காசு வாங்கினால் ஊரே ஒதுக்கிவிடும்.

கோவை_கிட்டார்:
இப்போதுதான் புரிகிறது, ஒவ்வொரு பதிவின் கீழும் இது மாதிரி ஒரு வரி ஏன் இருக்கிறது என்று:

```
AUD > Cass Master > Cass 1 > DAT > CDR > EAC > SHN
```

பழைய_டேப்:
அதுதான் ஜாதகம். இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஹாலில் கேசட்டில் பிடித்தது, அதிலிருந்து கேசட்டுக்கு ஒரே ஒரு பிரதி, அதன் பிறகு எல்லாமே டிஜிட்டல். நீங்கள் எண்ண வேண்டியது `Cass` எத்தனை என்பதைத்தான். `Cass ?` என்றிருந்தால் யாருக்கும் தெரியாது, காதை நம்பிக் கேட்க வேண்டியதுதான்.

மெட்டல்_மணி:
காதை நம்ப வேண்டாம், படத்தைப் பாருங்கள். நடுவில் யாராவது எம்பி3 ஆக்கிவிட்டு மறுபடி ஃப்ளாக் ஆக்கியிருந்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. பார்த்ததும் அழித்துவிடலாம்.

```
sox track01.flac -n spectrogram
```

பழைய_டேப்:
அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள் மணி. எஃப்.எம். ஒலிபரப்பிலிருந்து பிடித்த பதிவும் 15 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும், ஸ்டீரியோ எஃப்.எம்மின் எல்லையே அதுதான். பழைய கேசட்டும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கொடுக்காது. கேசட்டில் மேலே போகப் போக மெல்ல மங்கும், அடியில் இரைச்சல் மட்டும் தொடரும். எம்பி3-யில் கத்தியால் வெட்டியது போல நேர்கோடு இருக்கும், கோட்டுக்குக் கீழும் அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். ஜாதகத்தையும் படத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லாவண்யா_ஆர்:
தொழில்நுட்பம் போதும், இரண்டாம் கேள்விக்கு வருவோம். எல்லோரும் ரசிகர் பக்கமே பேசுகிறீர்கள். குழுக்கள் பயந்தது வெறும் பேராசையால் என்பது போல.

1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளை வெள்ளை அட்டை போட்ட இசைத்தட்டாக யாரோ அடித்துக் கடைகளில் விற்றார்கள். அவருக்கு ஒரு காசு போகவில்லை என்பது ஒரு பக்கம். எதை வெளியிடுவது, எதைக் குப்பையில் போடுவது என்ற முடிவே அவர் கையை விட்டுப் போனது இன்னொரு பக்கம். லெட் செப்பலின் மேலாளர் பீட்டர் கிரான்ட் 1971-ல் வான்கூவரில் கூட்டத்துக்குள் ஒரு கருவியைப் பார்த்து, திருட்டுப் பதிவு என்று நினைத்து அடித்து நொறுக்கினார். கடைசியில் அது இரைச்சலை அளக்க நகர அதிகாரிகள் கொண்டுவந்த கருவி. சிரிப்புதான், ஆனால் அந்த அளவுக்குப் பயம் இருந்தது. கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் இன்னும் ஒரு படி மேலே: பதிவு செய்வதே மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நடப்பதைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். காசைப் பற்றியே பேசவில்லை. அதற்கு உங்களிடம் என்ன பதில்?

மெட்டல்_மணி:
மெட்டாலிகா கதையைச் சொல்லட்டுமா? 1982-ல் அவர்கள் பதிவு செய்த டெமோ கேசட் கை மாறிக் கை மாறி நியூஜெர்சியில் ஒரு கடைக்காரர் கைக்குப் போனது. அவர் அழைத்துத்தான் அவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து முதல் ஆல்பம் செய்தார்கள். கேசட் மாற்றியவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குழுவே இல்லை. அதே குழு 2000-ல் நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டது. ஏறிய ஏணியை உதைப்பது என்பது இதுதான்.

லாவண்யா_ஆர்:
வழக்கு எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். முடிக்காத ஒரு பாட்டின் வரைவு வெளியே கசிந்து ரேடியோவில் ஓடியது. கச்சேரியில் ஆயிரம் பேர் முன்னால் வாசித்தது ஒன்று, ஸ்டுடியோவிலிருந்து கசிந்த வரைவு இன்னொன்று. கச்சேரிப் பதிவை மெட்டாலிகா 1990களில் அனுமதித்தும் இருக்கிறார்கள். ஏணியை உதைக்கவில்லை, இது வேறு ஏணி.

மெட்டல்_மணி:
வேறு ஏணி என்று நீங்கள் சொல்லலாம். இருபதாயிரம் மைல் கேசட் தூக்கி அனுப்பியவனுக்கு எல்லாம் ஒரே ஏணிதான்.

பழைய_டேப்:
லாவண்யா போட்ட கோடுதான் `SBD`-க்கும் `AUD`-க்கும் நடுவே விழுந்த கோடு. `AUD` ரசிகர் தன் மைக், தன் கேசட், தன் பேட்டரி கொண்டு உருவாக்கியது. `SBD` குழுவின் சொந்த டேப்.

கார்னெல் டேப்பையே பாருங்கள். அதை எடுத்தவர் குழுவின் பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் கலவையை அவர் பிடிக்கவில்லை. மேடை சிக்னல்களைத் தனியாக வாங்கி, ஹெட்போனில் கேட்டுத் தானே கலந்து, நாக்ரா சுருள் மெஷினில் பதிந்தார். கிட்டார் எங்கோ தொலைவில் என்று சொன்னேனே, அந்தக் குறை இதில் இல்லாததற்குக் காரணம் அதுதான். பிறகு குழுவோடு அவர் வேலை முடிந்தது, பணமுடை வந்தது, சுருள்களைப் போட்டு வைத்திருந்த கிடங்கு அறைக்கு வாடகை கட்ட முடியவில்லை. 1986-ல் அறையிலிருந்த சாமானோடு சுருள்களும் ஏலத்தில் போயின. வாங்கியவர்களில் ஒருவரிடமிருந்து டேப் மாற்றும் கூட்டத்துக்கு வந்தன, மரம் போட்டுப் பரப்பினார்கள். 'பெட்டி போர்டு' என்று பெயரே வந்துவிட்டது.

பெட்டிக்கு இதில் கிடைத்தது பூஜ்யம். ரசிகர்கள் யாரும் திருடவில்லை, குழுவும் கொடுக்கவில்லை.

அடுத்து 1991-லிருந்து குழுவே பழைய கச்சேரி டேப்புகளை வெளியிட ஆரம்பித்தது. 1993-ல் தொடங்கிய வரிசைக்கு வைத்த பெயரே டேப் காப்பாளர் டிக் லாட்வாலாவின் பெயர், அவரும் முன்னாள் கேசட் பைத்தியம்தான். அதாவது `SBD` இப்போது விற்பனைச் சரக்கு. 2005 நவம்பர் கடைசியில் archive.org-ல் இருந்த எல்லாப் பதிவுகளின் டவுன்லோடையும் நிறுத்தச் சொன்னார்கள். ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். பேஸ் வாசிக்கும் ஃபில் லெஷ்ஷே தனக்கு இது தெரியாது என்று வெளிப்படையாக எழுதினார். சில நாளில் `AUD` திரும்பி வந்தது. `SBD`-யைக் கேட்கலாம், இறக்க முடியாது என்று நின்றது. தம்பி பார்த்த பாரபட்சம் அந்த வாரத்தில் பிறந்தது. கார்னெல் சுருள்கள் மறுபடி குழுவிடம் வந்து, 2017 மே மாதம் முறையான வெளியீடாக வந்தன.

லாவண்யா_ஆர்:
அப்படியென்றால் கார்னெல் உண்மையிலேயே மிகச் சிறந்த கச்சேரியா, அல்லது நன்றாகப் பதிவான டேப் எல்லோர் கையிலும் போனதால் சிறந்ததாக ஆகிவிட்டதா? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசியப் பதிவுப் பட்டியலில் சேர்த்ததுகூட அந்தப் புகழால்தானே.

பழைய_டேப்:
அந்த மே மாதத்திலேயே அதற்கு நிகரான இரவுகள் இருக்கின்றன என்பது என் கட்சி. அவற்றின் டேப் இவ்வளவு துல்லியமாக இவ்வளவு பேருக்குப் போகவில்லை.

மெட்டல்_மணி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் இரண்டு பாட்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடம் இருக்கிறதே, அதை மட்டமான நாலாம் பிரதியில் கேட்டால்கூட உடம்பு சிலிர்க்கும். டேப்பா சிலிர்க்க வைக்கிறது?

லாவண்யா_ஆர்:
மட்டமான நாலாம் பிரதியை நீங்கள் எப்போது கேட்டீர்கள்? நீங்களும் `SBD`-தானே கேட்டிருப்பீர்கள்.

மெட்டல்_மணி:
...சரி, இன்றைக்கு ராத்திரி கேட்டுவிட்டு வருகிறேன்.

திருச்சி_ரசிகன்:
பழைய டேப் சார், திருகாணி வேலை செய்தது! மணி ஐயர் பாணியில் ஒருவர் பாடிய கச்சேரி, பெயர் உறையில் இல்லை, மிருதங்கத்தின் வலந்தலைச் சத்தம் முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்கிறது. அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். இன்னொரு சந்தேகம். இதை இணையத்தில் ரசிகர்கள் பகிரும் தளத்தில் ஏற்றலாமா? பாடியவர் யாரென்றே தெரியாதபோது யாரிடம் அனுமதி கேட்பது?

பழைய_டேப்:
கடையில் வந்த கேசட்டின் பிரதி இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அந்தத் தளங்களில் அதுதான் முதல் விதி. அனுமதி விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு. பாடியவர் யாரென்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் மட்டும் வெட்டிப் போட்டுப் பாருங்கள், குரலை வைத்தே சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

லாவண்யா_ஆர்:
தெரிந்த பிறகு குடும்பத்தார் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா?

திருச்சி_ரசிகன்:
அப்பாவிடம் கேட்டேன். "அன்றைக்குக் கேசட்டைப் பிடுங்கின மாதிரியா?" என்கிறார். யோசிக்கிறேன்.

கோவை_கிட்டார்:
கார்னெல் `AUD` ஒன்றை இறக்கிவிட்டேன். ஜாதகத்தில் `Cass` இரண்டுதான். ஒரு பாட்டின் நடுவே சட்டென்று நின்று சில வினாடி போய்விட்டு மறுபடி ஆரம்பிக்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதோ என்று `md5sum -c` போட்டுப் பார்த்தேன், எல்லாம் `OK` என்கிறது.

பழைய_டேப்:
நேரம் எவ்வளவு? தொடக்கத்திலிருந்து 45 நிமிடத்துக்குப் பக்கமா?

கோவை_கிட்டார்:
46.

பழைய_டேப்:
கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.